பிறந்த நேரமும் வானத்துக் கடிகாரமும்

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் நாள் கழிந்து 15-ஆம் நாள் பிறந்த நள்ளிரவில் டில்லியில் நம் நாட்டுச் சுதந்திரம் பிறந்தது. அந்தக் கணத்துக்கு ஜாதகம் கணிக்காத சோதிடர் அரிது. அந்த ஜாதகம் என்ன பலன் சொல்கிறது என்பது என் பேச்சுக்குப் புறம்பானது. அதில் எனக்குத் தேர்ச்சியும் இல்லை. ரிஷப லக்கினம், கடகத்தில் சூரியன், பூசத்தில் சந்திரன் என்று அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறதே, அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். பலனை நம்புவோரும் நம்பாதோரும் கணக்கை ஒருங்கே அறிந்துகொள்ளலாம். ஏனெனில் ஜாதகக் கட்டம் என்பது, குறித்த ஒரு கணத்தில், குறித்த ஓரிடத்தில் நின்று பார்த்தால் வானம் எப்படி இருந்தது என்பதன் குறிப்பேயன்றி வேறில்லை.

அதற்குத் தேதி, நேரம், இடம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுள் நம்மைப் பெரிதும் ஏமாற்றுவது நேரம். அதன் வரலாற்றைச் சற்றே சொல்லிவிட்டுக் கணக்குக்கு வருகிறேன்.

நம் முன்னோர் பிறந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறிக்கவில்லை. ‘உதயாதி நாழிகை’ என்று குறித்தார்கள். சூரியன் உதித்ததிலிருந்து எத்தனை நாழிகை சென்றது என்பது அதன் பொருள். ஒரு நாழிகை 24 நிமிஷம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. இந்த முறையில் ஒரு பெரிய வசதி இருந்தது. சூரியன் உதிக்கும்போது அவன் எந்த ராசியில் எந்தப் பாகையில் இருக்கிறானோ, அதுவே கீழ்வானில் உதிக்கும் லக்கினம். அங்கிருந்து தொடங்கி, ஒவ்வொரு ராசியும் உதித்து முடிய எத்தனை நாழிகை ஆகும் என்பதைக் கழித்துக்கொண்டே போனால் வேண்டிய லக்கினம் கிடைத்துவிடும். நம் பக்கத்துப் பழைய வாய்ப்பாடு மேஷத்துக்கு நாலேகால் நாழிகை, கடகத்துக்கு ஐந்தரை நாழிகை என்று கணக்கிடும். பன்னிரண்டு ராசிகளையும் கூட்டினால் சரியாக அறுபது வரும். உதயம் அந்தந்த ஊருக்கு உரியதாகையால், ஊரின் இருப்பிடம் கணக்குக்குள் தானே வந்து அமர்ந்துவிடும்.

இவ்வகைக் கணக்கில் நம்மவர் கைதேர்ந்திருந்தனர். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி வைத்து, மனப்பாடமாக வந்த வாய்ப்பாடுகளைக்கொண்டே கிரகணம் கணித்ததை ஜான் வாரன் என்பவர் நேரில் கண்டார். 1825-இல் சென்னையில் வெளிவந்த தம் ‘காலசங்கலித’ நூலில் அதை விரித்து எழுதியிருக்கிறார்.

பிறகு கடிகாரம் வந்தது. அதனோடு தந்தியும் ரயிலும் வந்தன. தொடக்கத்தில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்குமேல் சூரியன் வருவதையே பன்னிரண்டு மணி என்று கொண்டது. ஊருக்கு ஊர் மணி வேறுபட்டால் ரயில் ஓட்ட முடியாது. ஆகவே சென்னை வானிலைக் கூடத்தின் நேரத்தையே இந்திய ரயில்கள் நெடுங்காலம் பின்பற்றின. அது கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியது. 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகைக்கு உரிய நேரம் இந்திய நிலை நேரமாயிற்று. அது கிரீனிச்சுக்கு 5½ மணி முந்தியது. கல்கத்தாவோ 1948 வரையிலும், பம்பாயோ 1955 வரையிலும் தத்தம் ஊர் நேரத்தை விட மனமின்றி வைத்திருந்தன. பம்பாயில் பிறந்த ஒருவரின் குறிப்பில் ‘காலை ஆறு மணி’ என்று இருந்தால், அது எந்த ஆறு மணி என்று கேட்டே ஆகவேண்டும். இரண்டுக்கும் இடையே 39 நிமிஷம் இருக்கிறது.

இப்போது நம் நள்ளிரவுக்கு வருவோம். டில்லியில் அன்று நடப்பிலிருந்தது இந்திய நிலை நேரம். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து 5½ மணியைக் கழித்தால், கிரீனிச்சில் ஆகஸ்டு 14-ஆம் தேதி மாலை 6 மணி 30 நிமிஷம், அதாவது 18½ மணி. முதலில் இப்படி உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரத்துக்கு வந்துவிடுவது நல்லது. கிரகநிலை அட்டவணைகளெல்லாம் அந்த நேரத்துக்கே அச்சிடப்படுகின்றன.

அந்த அட்டவணைக்குத்தான் எபிமெரிஸ் என்று பெயர். ஒவ்வொரு நாளும் குறித்த நேரத்தில் சூரியன், சந்திரன், கிரகங்கள் எங்கெங்கே நிற்கும் என்பதை முன்கூட்டியே கணித்து வைத்த ஏடு அது. கடலோடிகளுக்காக இங்கிலாந்தில் 1767-ஆம் ஆண்டு முதல் அத்தகைய பஞ்சாங்கம் வெளிவந்து கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் 1958 முதல் அரசாங்கமே ஓர் எபிமெரிஸை வெளியிட்டு வருகிறது.

அதில் சூரியனைத் தேடுவோம். 1947 ஆகஸ்டு 14-ஆம் தேதி கிரீனிச்சில் நாள் தொடங்கிய வேளையில் சூரியன் 140 பாகை 23 கலையில் இருந்தான். மறுநாள் அதே வேளையில் 141 பாகை 20 கலை. ஒரு நாளில் அவன் நகர்ந்தது ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவு. நமக்கு வேண்டிய கணமோ நாளின் 24 மணியில் 18½ மணி கழிந்த கணம். அதற்குரிய விகிதப் பங்கு 44 கலை. அதைக் கூட்டினால் 141 பாகை 7 கலை. சூரியன் விஷயத்தில் கடினம் ஒன்றும் இல்லை.

சந்திரன் சங்கதி வேறு. அவன் ஒரு நாளில் 12 பாகையும் நகர்வான். சில நாள் 15 பாகையும் நகர்வான். அன்று அவன் விரைந்து சென்ற நாள். ஒரு மணி நேரத்தில் அரைப் பாகைக்கு மேல் சென்றுகொண்டிருந்தான். அந்த நள்ளிரவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் புனர்பூசத்தை விட்டுப் பூசத்தில் கால் வைத்திருந்தான். நேரத்தில் ஒரு மணி பிசகினால் நட்சத்திரமே மாறும் நிலை வந்துவிடும் என்பதை இதிலிருந்து உணரலாம். மற்றக் கிரகங்கள் ஒரு மணியில் அவ்வளவு தூரம் ஓடிவிடுவதில்லை.

கிரகங்களை இவ்வாறு எழுதுவதற்கு இடம் தேவைப்படவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். அந்தக் கணத்தில் டில்லியிலும் சென்னையிலும் லண்டனிலும் சூரியன் நின்ற ராசி ஒன்றுதான். இடம் வந்து புகுவது லக்கினத்தில்தான். அதற்குத்தான் நட்சத்திர காலம் என்னும் வானத்துக் கடிகாரம் தேவைப்படுகிறது.

நம் கைக்கடிகாரம் சூரியனைப் பின்பற்றுவது. ஒரு நாள் நள்ளிரவில் தலைக்கு மேலே ஒரு விண்மீனைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே விண்மீன் அதே இடத்துக்கு 3 நிமிஷம் 56 விநாடி முன்னதாகவே வந்துவிடும். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள உண்மையில் ஆகும் நேரம் 23 மணி 56 நிமிஷம் 4 விநாடி. அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஓரடி எடுத்து வைத்துவிடுகிறது. ஆகவே சூரியனை மறுபடி நேருக்கு நேர் காண இன்னும் நான்கு நிமிஷம் திரும்பவேண்டியிருக்கிறது. விண்மீன்களை அனுசரித்து ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டால், அது நம் கடிகாரத்தைவிட மணிக்கு ஏறத்தாழப் பத்து விநாடி வேகமாக ஓடும். ஓராண்டில் முழுதாக ஒரு நாள் முந்திவிடும். இந்தக் கடிகாரம் காட்டும் மணிதான் நட்சத்திர காலம். சூரியன் மார்ச்சு மாதத்தில் வடக்கு நோக்கிக் கடக்கும் விஷுவப் புள்ளி, ஓர் ஊரின் உச்சிவட்டத்துக்கு வரும்போது அந்த ஊரின் நட்சத்திர காலம் பூஜ்யம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்தால், எந்த வானம் இப்போது நம் தலைக்கு மேல் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எபிமெரிஸில் கிரகங்களுக்கு முன்பத்தியில் ஒவ்வொரு நாளுக்கும் நட்சத்திர காலம் அச்சிட்டிருப்பார்கள். கிரீனிச்சில் 1947 ஆகஸ்டு 14-ஆம் தேதி நாள் தொடங்கியபோது அது 21 மணி 26 நிமிஷம் 18 விநாடி. நம் கணம் அதற்குப் பின் 18 மணி 30 நிமிஷம். இரண்டையும் கூட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. வானத்துக் கடிகாரம் மணிக்குப் பத்து விநாடி வேகமாக ஓடுகிறதல்லவா? நுட்பமாகச் சொன்னால் 9.86 விநாடி. பதினெட்டரை மணிக்கு அது 3 நிமிஷம் 2 விநாடி ஆகிறது. மூன்றையும் கூட்டி, 24 மணியைத் தள்ளினால், கிரீனிச்சின் நட்சத்திர காலம் 15 மணி 59 நிமிஷம் 20 விநாடி. இந்த மூன்று நிமிஷத் திருத்தத்தை மறப்பது புதிதாகக் கணிப்போர் பலர் செய்யும் பிழை. அதனால் லக்கினம் ஏறத்தாழ முக்கால் பாகை குறைந்துவிடும். ராசியின் எல்லையில் பிறந்தவருக்கு அது பெரிய பிழைதான்.

இனி டில்லிக்கு வருவோம். டில்லியின் தீர்க்கரேகை கிழக்கே 77 பாகை 12 கலை. ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் வீதம் இது 5 மணி 8 நிமிஷம் 48 விநாடி. கிழக்கூருக்குக் கூட்டவேண்டும், மேற்கூருக்குக் கழிக்கவேண்டும். கூட்டி 21 மணி 8 நிமிஷம் 8 விநாடி என்று பெறுகிறோம். அந்த நள்ளிரவில் டில்லியின் வானத்துக் கடிகாரம் காட்டிய மணி இதுவே. இங்கே நாம் 5½ மணியைக் கூட்டவில்லை என்பதைப் பார்க்கவேண்டும். அது சட்டத்தால் வந்த நேரம். வானத்துக்குச் சட்டம் தெரியாது. டில்லிக்கு உரிய உண்மைத் தீர்க்கரேகையையே கூட்டினோம்.

லக்கினம் என்பது சூரிய வீதியும் கீழ்வானத் தொடுகோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளி. சூரிய வீதி விஷுவ வட்டத்துக்கு 23 பாகை 27 கலை சாய்ந்திருக்கிறது. தொடுகோட்டின் சாய்வோ ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. இவற்றோடு நட்சத்திர காலமும் தெரிந்தால், கோளத் திரிகோண கணிதத்தால் அந்தப் புள்ளியைக் காணலாம். ஒவ்வொருவரும் அந்தக் கணக்கைப் போடவேண்டாமென்று அட்சரேகைவாரியாக லக்கின அட்டவணைகளை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். டில்லியின் அட்சரேகை வடக்கே 28 பாகை 36 கலை. அந்தப் பத்தியில் 21 மணி 8 நிமிஷத்துக்கு நேரே பார்த்தால் கிடைப்பது ஏறத்தாழ 60 பாகை 50 கலை. ராசிக்கு முப்பது பாகையாக இரண்டு ராசி கழிந்து, மிதுனத்தின் முதற் பாகையில் லக்கினம் நிற்கிறது.

மிதுனமா? எல்லாரும் ரிஷபம் என்கிறார்களே என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. எபிமெரிஸும் லக்கின அட்டவணையும் விஷுவப் புள்ளியிலிருந்து அளப்பவை. இதைச் சாயனம் என்பர். அந்தப் புள்ளி விண்மீன்களுக்கிடையே ஆண்டுக்குச் சுமார் 50 விகலை மேற்காகப் பின்வாங்குகிறது. நம் நாட்டுச் சோதிடமோ விண்மீன்களைச் சார்ந்து நிலையாக உள்ள மேஷத் தொடக்கத்திலிருந்து அளக்கிறது; இது நிராயணம். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே அயனாம்சம். அது எவ்வளவு என்பதில் சோதிடர்களிடையே நெடுநாள் வழக்கு உண்டு. மேகநாத சாகாவின் தலைமையில் 1952-இல் அரசாங்கம் நிறுவிய பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச்சு 21-ஆம் தேதிக்கு அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று கொண்டது. குழுவின் செயலாளராய் இருந்த லாகிரியின் பெயரால் அது இன்று வழங்குகிறது. 1947-க்குப் பின்னோக்கிக் கணித்தால் 23 பாகை 8 கலை. 60 பாகை 50 கலையிலிருந்து அதைக் கழித்தால் 37 பாகை 42 கலை. மேஷத்தின் முப்பது போக, ரிஷபத்தில் 7 பாகை 42 கலை. சூரியனுக்கும் அவ்வாறே கழிக்க, கடகத்தில் 27 பாகை 59 கலை. பி. வி. ராமன் கைக்கொண்ட அயனாம்சம் இதைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை குறைவு. அவர் கணக்கில் எல்லாம் அவ்வளவு முன்தள்ளி நிற்கும். இரண்டு ஜாதகங்கள் சீராக ஒரே அளவு வேறுபட்டால், அயனாம்சமே காரணம் என்று அறியலாம். லக்கினம் மட்டும் வேறுபட்டால் நேரத்திலோ இடத்திலோ கோளாறு.

கணக்குச் சரிதானா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. அந்த நாள் நமக்கு ஆடி மாதத்தின் கடைசிப் பகுதி. ஆடியில் சூரியன் கடகத்தில் இருக்கவேண்டும்; மாத முடிவில் கடகத்தின் முடிவை நெருங்கியிருக்கவேண்டும். நம் விடையும் அதுவே. லக்கினத்துக்கும் ஒரு சோதனை உண்டு. உதயத்தில் சூரியன் நின்ற இடமே லக்கினம். அஸ்தமனத்தில் அதற்கு ஏழாம் ராசி. நள்ளிரவில் ஏறத்தாழப் பத்தாம் ராசி. கடகத்தின் கடைசியிலிருந்து எண்ணினால் மேஷத்தின் கடைசியோ ரிஷபத்தின் தொடக்கமோ வரவேண்டும். வந்திருக்கிறது.

இடத்தின் விளைவைக் காண, அதே கணத்துக்குச் சென்னையைக் கணித்துப் பார்த்தேன். சென்னை டில்லிக்குக் கிழக்கே மூன்று பாகை இருப்பதால், அதன் வானத்துக் கடிகாரம் 12 நிமிஷம் முந்தி, 21 மணி 20 நிமிஷம் காட்டும். ஆகவே லக்கினமும் மூன்று பாகை முந்தும் என்றே யாரும் நினைப்பர். ஆனால் விடை ரிஷபத்தில் 4 பாகைதான். முந்துவதற்குப் பதில் பிந்திவிட்டது! இது அட்சரேகையின் வேலை. வடக்கே செல்லச் செல்ல இந்த ராசிகள் விரைவாக உதிக்கும். டில்லியின் வடக்கிருப்பு, சென்னையின் கிழக்கிருப்பை வென்றுவிட்டது. தீர்க்கரேகையைத் திருத்தி அட்சரேகையை மறப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். அதே கணத்தில் லண்டனில் அந்திக்குச் சற்று முந்திய வேளை. அங்கே லக்கினம் மகரம். இன்னும் வடக்கே, துருவ வட்டத்துக்கே சென்றால், சூரிய வீதி முழுவதும் தொடுகோட்டின்மேல் படிந்து கிடக்கும் வேளையும் உண்டு. அப்போது எது உதிக்கிறது என்றே சொல்ல இயலாது.

இக்காலத்தில் இவையெல்லாவற்றையும் கணிப்பொறி இமைக்கும் நேரத்தில் போட்டுவிடுகிறது. ஆனால் பிறந்த நேரத்தை அதற்குச் சொல்பவர் நாம்தான். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் நாளிலிருந்து 1945 அக்டோபர் நடுவரையில், நம் நாட்டுக் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி முன்தள்ளி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்த பலருடைய வீட்டில் இரண்டு ஜாதகங்கள் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். சென்னையில் 1943-ஆம் ஆண்டு சித்திரை 20-ஆம் நாள் காலை ஏழு மணிக்குப் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏழு மணியை நிலை நேரம் என்று கொண்டால் லக்கினம் ரிஷபத்தில் 7 பாகை. போர்க்கால நேரம் என்று கொண்டு ஒரு மணியைக் கழித்தால் மேஷத்தில் 21 பாகை. லக்கினம் ஒரு ராசி மாறினால் பன்னிரண்டு பாவங்களும் மாறும். ஒரு கட்டத்தைப் பார்த்து ஒரு வரனை வேண்டாமென்பார்கள். மற்றதைப் பார்த்து அதே வரனைத் தேடிச் செல்வார்கள்.

இரண்டில் எது சரி என்பதற்கு அட்டவணை விடை சொல்லாது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்கவேண்டும். கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்கவேண்டாம். வெயில் எங்கே இருந்தது என்று கேட்கவேண்டும். ‘அப்போதுதான் சூரியன் கிளம்பியது, வாசல் தெளித்த ஈரங்கூடக் காயவில்லை’ என்று பாட்டி சொன்னால் வழக்குத் தீர்ந்தது. சித்திரை 20-இல் சூரியன் இருப்பது மேஷத்தின் 19-ஆம் பாகை. உதித்துப் பத்து நிமிஷம் சென்ற வேளையில் லக்கினம் அவனுக்கு இரண்டு பாகை முன்னே, அந்த மேஷத்திலேயேதான் இருக்கமுடியும்.